நாலால் வகுத்தேன்

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது எடுத்துச் சொல்லி என் மூக்கை உடைப்பதைவிட நானே உடைத்துக்கொள்வது மேல்.

மகள் பிறந்தது ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி, புதன்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில். என் பிறந்த வீடு பக்கத்து மம்சாபுரம் என்பதால் பேறுகாலத்துக்கு அங்கேயே இருந்தேன். கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து என் வாழ்க்கை வாரக் கணக்கில்தான் ஓடியது. ஸ்கேன் எடுத்த இடத்தில் பன்னிரண்டு வாரம், இருபது வாரம் என்று எழுதித் தந்தார்கள். நாற்பது வாரம் ஆனால் பிரசவம். வீட்டிலோ பத்து மாதம் என்றார்கள். நாற்பது வாரம், பத்து மாதம், அப்படியானால் மாதத்துக்கு நாலு வாரம். யாரும் சொல்லித் தராமலே இந்தக் கணக்கு என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பிறந்த பிறகும் ஊசியெல்லாம் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்றே வந்தது. அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிப்பதற்கு முன்னால் அதில் வார எண்ணைப் பேனாவால் எழுதுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற பெண்கள் மாதிரி உத்தேசமாகச் சொல்லாமல் நான் எண்ணிச் சொல்கிறேன் என்ற பெருமை.

பதினாலாவது வார ஊசி போட்ட அன்று மம்சாபுரத்தில் எடையும் பார்த்தார்கள். நாலு கிலோ எழுநூறு. தாய் சேய் அட்டையில் பெண் குழந்தைக்கென்று இருக்கும் வளர்ச்சிப் படத்தில் மூன்றாம் மாதக் கோட்டின்மேல் புள்ளி வைத்தார்கள். பச்சைப் பட்டையின் அடி விளிம்புக்குச் சற்று மேலே. சிறிய குழந்தைதான், ஆனால் நன்றாக இருக்கிறாள் என்றார்கள். டிசம்பரில் என்னை ராஜபாளையத்துக்கு, என் கணவர் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்த மாதம் எடை பார்க்க எங்கேயும் போகவில்லை.

ராஜபாளையத்தில் வீட்டுக்கு மூன்றாவது தெருவில் அங்கன்வாடி. அங்கே இருக்கும் அம்மாவை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜனவரி எட்டாம் தேதி புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். என்னுடன் மதினி வந்தார், என் கணவரின் அக்கா. அடுத்த வீட்டிலேயே ஆறு மெஷின் போட்டு நைட்டி தைக்கிறார். கல்யாணமான மறுமாதத்திலிருந்து அதில் ஒரு மெஷின் என்னுடையது. நான் பேறுகாலத்துக்குப் போனதிலிருந்து அது சும்மா கிடந்தது.

எடை ஐந்து கிலோ முந்நூறு. டீச்சருடைய போனில் பிறந்த தேதியைப் போட்டால் வயதை அதுவே சொல்லிவிடும். அன்றைக்கு அது திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். போனில் பொறவு ஏற்றிக்கொள்கிறேன், அட்டையில் இப்போது குறித்துவிடலாம் என்று டீச்சர் பேனாவை எடுத்தார். எத்தனை மாதம் முடிந்தது என்று என்னிடம் கேட்டார்.

"இருபது வாரம் கரெக்டா முடியுது டீச்சர். அஞ்சு மாசம்."

யோசிக்காமல் சொன்னேன். இருபதை நாலால் வகுக்க எதற்கு யோசனை? அந்த உறுதியைப் பார்த்து டீச்சரும் அட்டையின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. அஞ்சு என்ற கோட்டில் விரலை வைத்து மேலே ஏறி, புள்ளி வைத்தார். அது பச்சைக்குக் கீழே, எடை குறைவு என்று காட்டும் மஞ்சளில் விழுந்தது. மம்சாபுரத்துப் புள்ளியையும் இதையும் சேர்த்துக் கோடு இழுத்தபோது, ஏற வேண்டிய கோடு சாய்ந்து படுத்த மாதிரி இருந்தது.

டீச்சர் பதறவில்லை, திட்டவும் இல்லை. தாய்ப்பாலை மட்டும் அடிக்கடி கொடுங்கள், ஆறு மாதம் முடியும்வரை வேறெதுவும் வேண்டாம், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் போகலாம் என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறு. மதினி வாசலிலேயே என் கணவரிடம் சொல்லிவிட்டார்.

"புள்ள மஞ்சள்ல கெடக்காம்ல. இவகிட்டப் பால் பத்தல."

என் கணவர் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து நின்றவர். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்தார். அன்று சாயங்காலமே மதினி மெடிக்கலில் பால்பவுடர் டின்னும் பாட்டிலும் வாங்கி வந்தார். பாட்டிலுக்குப் பழக்கிவிட்டால் பிள்ளையும் தேறும், நானும் மெஷினுக்கு வந்துவிடலாம், பொங்கல் ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னார். இரண்டில் எது முதலில் அவர் மனதில் தோன்றியது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு அது ரகசியமும் இல்லை.

டீச்சர் வேண்டாம் என்றாரே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கே என் மார்மேல் நம்பிக்கை போய்விட்டது. அட்டையில் அச்சடித்த படம், அதில் மஞ்சள், அதற்குமேல் நான் என்ன பேச? பிள்ளை சிரிக்கிறாள், குப்புற விழுகிறாள், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி நனைக்கிறாள். அத்தனையும் கண்முன்னால் இருக்க, நான் ஒரு புள்ளியை நம்பினேன்.

முதல் வாரம் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் வீட்டில் மதினி கையில் அவள் அழும் சத்தம் கேட்டால் பால் தானாக வடியும். ஜாக்கெட் நனைந்து, தைத்துக்கொண்டிருக்கும் நைட்டியில் படாமல் இருக்க மாரில் துண்டை வைத்துக் கட்டிக்கொள்வேன். பால் கட்டிப்போய் வலி பொறுக்காமல் கொல்லைப்பக்கம் போய்ப் பீய்ச்சித் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறேன். பால் பத்தவில்லை என்று சொல்லப்பட்டவள் பாலைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மூன்றாவது வாரம் வலி நின்றது. நிம்மதி என்றுகூட நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் போக வேண்டியவள் ஆர்டரைச் சாக்காக வைத்துப் போகவில்லை. உண்மையில் வெட்கம். மறுபடி மஞ்சள் என்று பத்துப் பேர் முன்னால் கேட்க எனக்குத் தெம்பில்லை. பிப்ரவரி ஐந்தாம் தேதிதான் போனேன். எடை ஐந்து கிலோ எண்ணூறு. ஆறு மாதம் முடிந்துவிட்டது டீச்சர், இருபத்துநாலு வாரம் என்றேன். அன்றைக்குப் போன் வேலை செய்தது. டீச்சர் அட்டையின் முதல் பக்கத்தைப் பார்த்துத் தேதியைப் போட்டார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"அஞ்சு மாசம்தான முடிஞ்சிருக்கு. ஆறுன்னு எப்படிச் சொல்லுதீக?"

இருபத்துநாலை நாலால் வகுத்தால் ஆறு என்றேன்.  டீச்சர் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி நிதானமாகச் சொன்னார். இருபத்தொன்றாம் தேதி பிறந்த பிள்ளைக்கு அடுத்த இருபத்தொன்று வந்தால்தான் ஒரு மாதம் முடிந்த கணக்கு. பிப்ரவரி இருபத்தொன்றுக்குத்தான் ஆறு முடியும். மாதம் என்பது இருபத்தெட்டு நாள் இல்லை, முப்பதும் கொஞ்சமும். நாலு வாரத்தை ஒரு மாதம் என்று வைத்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டு நாளுக்கு மேல் திருட்டுப் போகும்.

சொல்லிக்கொண்டே அவர் கை ஜனவரிப் புள்ளிக்குப் போனது. டிசம்பர் இருபத்தொன்றுக்கு நாலு மாதம் முடிந்திருந்தது. ஜனவரி எட்டு வரை இன்னும் பதினெட்டு நாள். நாலு மாதம் பதினெட்டு நாள். முடிந்த மாதம் நாலு. ஐந்து கிலோ முந்நூறை நாலாம் கோட்டில் வைத்தார். பச்சை. பழைய புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மூன்றிலிருந்து நாலுக்கு, நாலிலிருந்து ஐந்துக்கு, கோடு ஒழுங்காக ஏறிப் போனது. பிள்ளை ஒருநாள்கூட மஞ்சளில் இருக்கவில்லை.

தேதியைப் பார்க்காமல் போட்டது தன் தப்பு என்று டீச்சர் சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே, நீங்கள்தானே அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. நான் மனதுக்குள் வேறொன்றை வகுத்துக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். நாலால் வகுத்தால் பதின்மூன்று. பதின்மூன்று மாதம் உள்ள வருஷத்தை எந்தக் காலண்டரில் பார்த்தேன்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவள் நான்.

இப்போதும் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். அடிக்கடி மாரில் போட்டுப் பாருங்கள், சிலருக்குத் திரும்ப வரும், ஊருணி மாதிரி ஒரே நாளில் நிறையாது என்றார். அன்றிலிருந்து பதினோரு நாள் மெஷினுக்குப் போகவில்லை. மதினி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பிள்ளையை எடுத்து மாரில் வைத்தால், வாயை வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைப்பாக வளைந்து அழுவாள். பாட்டிலில் வேகமாக வந்து பழகியவள். அழுகைச் சத்தம் கேட்டு என் கணவரே பாட்டிலைக் கலக்கிக்கொண்டு வந்து நீட்டுவார். எப்படியோ நல்லா இருக்காள்ல, விடு என்பார். பன்னிரண்டாம் நாள் விட்டுவிட்டேன்.

அட்டையில் இருந்த ஜனவரியின் இரண்டு புள்ளிகளையும் வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். மதினி வாங்கிப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் தந்தபோது, பாட்டில் கொடுக்காமல் இருந்திருந்தால் ஐந்து எண்ணூறுக்கு ஏறியிருக்குமா என்று கேட்டார். ஏறியிருக்கும். ஆனால் அதைக் காட்ட என்னிடம் எந்தப் புள்ளியும் இல்லை. அந்த நாலு வாரத்தை நான்தான் பாட்டிலுக்குக் கொடுத்துவிட்டேனே.

முதல் பிறந்தநாளைக்கு மம்சாபுரத்திலிருந்தும் ஆள்கள் வந்திருந்தார்கள். பிள்ளை நல்ல கொழுகொழுவென்று இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். மதினி அவளைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"இவ ஆத்தாளுக்கு எங்க பால் இருந்துச்சு. நாங்க பாட்டில் வாங்கிக் குடுத்துத் தேத்துனோம்."

கூடத்தில் என் அம்மா இருந்தார், என் கணவர் இருந்தார். 

"பால் இருந்துச்சு மதினி," என்றேன்.

 என் கணவர் கேக்கை எடுத்து வைக்கப் போனார். மதினி பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு, பசிக்கிறது போல என்று பாட்டிலையும் கொடுத்தார். வாங்கினேன். அவள் அதை இரண்டு கையாலும் தானே பிடித்துக்கொண்டு, என் மாரில் சாய்ந்து குடித்து முடித்தாள்.