அன்னப்பூரணி அக்காவின் விதை மூட்டை

கரடியனாற்றில் அன்னப்பூரணி அக்காவைப் பற்றி விசாரித்தால் நல்லவர், கெட்டவர் என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். "அவ சொன்னாச் சரி" என்பார்கள், அவ்வளவுதான். அவர் அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், செயலாளர். குளத்துத் தண்ணீர் எந்த நாளில் எந்த வயல் வட்டைக்குத் திறக்கும் என்று வயல்காரர் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொல்கிறவர். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நாள் மாற்றிச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுசிக்கு நான் செய்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் என்னைத் திட்டலாம். நானும் சேர்ந்து திட்டுவேன்.

நான் நஸீர். ஏறாவூரில் விவசாய இயந்திரங்கள் விற்கும் கடையொன்றில் விற்பனை அலுவலர். வாய் நிறையப் பேசுவேன். ஆனால் கூடாத செய்தியைச் சொல்ல மட்டும் நாக்கு எழாது. எப்படியாவது சரிவந்துவிடும் என்று கடைசி நிமிடம் வரை இழுத்தடிப்பேன்.

அக்காவுக்கு இரண்டு ஏக்கர் வயல். கணவர் கனகசிங்கத்துக்கு முதுகெலும்பில் வருத்தம், குனிய முடியாது. மகள் நிருஷா வந்தாறுமூலையில் கெம்பஸில் படிக்கிறாள். அதனால் வயல் முழுக்க அக்காவின் தலையில். போன பெரும்போகத்தில் கையால் வீசி விதைத்ததால் நெல்லும் களையும் ஒன்றாக முளைத்து, பதினெட்டு நாள் தனியே குனிந்து களை பிடுங்கினாராம். எங்கள் கடைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "வரிசையா விதைச்சா, நிமிந்து நிண்டு உருளையைத் தள்ளிக் களை எடுக்கலாம் எண்டது உண்மையா தம்பி?"

"உண்மைதான் அக்கா," என்றேன். அது உண்மையாகவே உண்மை.

என்ஜின் பூட்டிய வரிசை விதைப்பு இயந்திரத்தைப் புதன்கிழமை காலை அவருடைய வயலிலேயே ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. அவர் வாங்குவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும், மற்றவர்களும் பார்க்க வேண்டும். பதினொரு வயல்காரருக்கு அவரே போன் எடுத்து, வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நான் சொன்னபடி விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி மூடி வைத்தார். இயந்திரத்துக்குப் போடும் நெல்லில் முளை வெளியே எட்டிப் பார்த்தால் போதும். நீண்டுவிட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இயந்திரத்தின் துளைகளால் விழாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையின் ஒரே சின்ன லொறி செங்கலடிச் சந்தியில் நின்றுவிட்டது. கிளச் போய்விட்டது. கிளச் வழுக்குது என்று சாரதி திவாகரன் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். மெக்கானிக் மஜீட் கழற்றிப் பார்த்துவிட்டு, "சாமான் கொழும்பில இருந்து வரணும். நாளைக்கு ராவைக்கு முந்தி எதிர்பார்க்காதீங்க" என்றார். வயல் பயணம் தவறுவதென்றால் முதல் நாள் நாலு மணிக்குள் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், வேறு நாளும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கடையின் ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

நாலு மணி போனது. வாடகைக்கு ஒரு லொறி பிடிக்கலாம் என்று தெரிந்தவன் ஒருவனுக்குப் போன் எடுத்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்றவன் சொல்லவேயில்லை. ஐந்து மணிக்கு அக்காவே எடுத்தார்.

"தம்பி, முளை வெளிக்கிட்டிட்டு. மூட்டையைப் பிரிச்சு நிழலில பரத்தி விட்டா ஒரு நாள் தாங்கும். மூடி வைச்சா விடியச் சரியா இரிக்கும். நீங்க நாளைக்கு வாறதெண்டா மூடியே வைக்கிறன். எப்படி?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. லொறி பழுது என்று சொல்ல இரண்டு சொல் போதும். நான் சொன்னது: "மூடியே வையுங்க அக்கா. நாங்க வாறம்."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அக்காவுக்கு எடுத்தேன். ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன், வெட்கக்கேடு.

"அக்கா, குறை நினைக்காதீங்க. லொறி பழுதாப் போச்சு. இண்டைக்கு வர ஏலாது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாறம். இல்லாட்டி உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்க."

"எப்ப தம்பி பழுதானது?"

"இப்பதான் அக்கா. வெளிக்கிடக்குள்ள."

"ம்ம். நாளைக்கெண்டா வேர் நீண்டிரும். மிசினுக்கு ஆகாது. நான் இண்டைக்கே கையால வீசிறன்." பிறகு அவரே என்னைத் தேற்றினார். "வாகனமெண்டாப் பழுதாகும்தானே. நீங்க என்ன செய்யிற? யோசிக்காதீங்க."

முதலாளியிடம் போய்ச் சொன்னால் அவர் ஏறிட்டுப் பார்த்தார். "நேத்தே சொல்லியிருந்தா மச்சான்ட லொறியைக் கேட்டிருப்பனே" என்றார். அதற்கு மேல் எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதுளை வீதியால் கரடியனாற்றுக்குப் போனேன்.

அக்கா சேற்றுக்குள் நின்று பனையோலைக் கடகத்திலிருந்து நெல்லை அள்ளி வீசிக்கொண்டிருந்தார். வரம்பில் ஐந்தாறு பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒரு பெரியவர், "வந்திட்டார் மிசின்காரர். மிசினைச் சட்டைப் பைக்குள்ள கொண்டாந்திருக்காராக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. சேற்றுக்குள் நின்றபடியே, "சும்மா இருங்க அண்ணன். அந்தத் தம்பிக்கு விடியத்தான் தெரியும். முந்தியே தெரிஞ்சா எனக்குச் சொல்லாம இருப்பாரா?" என்றார்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னால் சரிதானே. என் பொய்யை அவர் தன் வாயால் அந்த ஊருக்குச் சொல்லிவிட்டார். அங்கேயே மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போகும் வரை நின்றேன். அவர்கள் முன்னால் சொல்ல அப்போதும் எனக்குத் துணிவு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு காற்சட்டையை மடித்துக்கொண்டு வரம்போரம் இறங்கினேன்.

"அக்கா, லொறி நேத்து மத்தியானமே பழுது."

வீசப் போன கை நின்றது. "நான் அஞ்சு மணிக்குக் கேக்கக்குள்ளயும் தெரியுமா?"

"ஓம்."

"மூட்டையை மூடியே வையெண்டு சொன்னீங்களே, அப்பவும்?"

"ஓம் அக்கா. எப்படியும் சரிவரும் எண்டு நினைச்சன்."

அவர் ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். ஏசவில்லை. கையிலிருந்த நெல்லை வீசி முடித்தார், அடுத்த பிடியையும் வீசினார். இந்தப் போகமும் அவர் குனிந்துதான் களை பிடுங்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என்ட வயல் முடிஞ்சுது," என்றார் கடைசியில். "மேல வட்டையில திவ்வியநாதன் அண்ணன் ஞாயிறுக்குத்தான் நெல் ஊறப்போடுறார். செவ்வாய்க்கிழமை அங்க கொண்டுபோய்க் காட்டுங்க. மத்த ஆக்களும் பார்க்கட்டும்."

"கட்டாயம் வாறம் அக்கா. நீங்க அவருக்கு ஒரு வார்த்தை..."

"இல்லத் தம்பி. நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் இனி ஆருக்கும் சொல்ல மாட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் முறைக்கு நாள் சொல்வது போலத்தான் சொன்னார்.

வீதிக்கு ஏறியதும் திவ்வியநாதன் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். யார், எந்தக் கடை, ஏன் இன்று வரவில்லை, லொறி எப்போது பழுதானது என்பதையெல்லாம் இந்தத் தடவை நடந்தபடியே சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்கு லொறி உறுதி, ஏதும் மாறினால் திங்கள் மத்தியானத்துக்குள் சொல்வேன் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி," என்றார். "அன்னப்பூரணி என்ன சொல்றா?"