யூஜினின் வெள்ளைத் துண்டு

என் தம்பி யூஜின் மனிதர்களோடு சண்டை போட்டு ஒதியம்பட்டில் யாரும் பார்த்ததில்லை. மாடுகளோடு போட்டுத் தெருவே பார்த்திருக்கிறது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பல வருடம் ஷிப்ட் வேலை செய்தான். மேஸ்திரி என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வருவான். வேலையை விட்டு மாடு வாங்கிய பிறகுதான் அவனுக்கு வாய் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. "ஒயுங்கா நில்லுடி. இன்னா நெனச்சிக்கினு இருக்கற நீ?" என்று கொட்டகையிலிருந்து சத்தம் வரும். அத்தனை வருடமும் மேஸ்திரியிடம் சொல்லாமல் சேர்த்துவைத்ததுதான் இது என்று நான் சொல்வேன். அவனுக்குக் கோபம் வரும். ஆனால் மறுக்கமாட்டான்.

அவனிடம் நான்கு கறவை மாடுகள். முதலில் வந்தவள் ராணி. பிறகு செவலை, கருப்பி, கடைசியாகச் சின்னப்பொண்ணு. வந்த வரிசையில்தான் கறப்பான். ராணியைத் தொடாமல் வேறு மாட்டின் அருகே செம்பை எடுத்துப் போனால் அவள் கோபித்துக்கொண்டு பாலை அடக்கிவிடுவாள் என்பது அவன் நம்பிக்கை. சின்னப்பொண்ணு மட்டும் அவனைக் கண்டாலே உதைப்பாள். எதிர்வீட்டில் இருப்பதால் அவளைக் கறக்கும் வேலை அக்காவான எனக்கு வந்து சேர்ந்தது.

யூஜினுக்கு ஒரு வெள்ளைத் துண்டு உண்டு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முதலில் ராணியின் மடியைத் துடைப்பான். பிறகு அதே துண்டால் செவலைக்கு, பிறகு கருப்பிக்கு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கசக்கி வெயிலில் உலர்த்துவான். "இந்த ஊர்ல மடிய தொடச்சிட்டு கறக்கறவன் நான் ஒர்த்தன்தான்" என்று பால் சொசைட்டியில் போய்ச் சொல்லிவிட்டு வருவான். அந்தத் துண்டை நான் ஒருமுறை கேட்டேன். "உனக்கின்னாத்துக்குக்கா? அது மாட்டு துண்டு" என்றான், பட்டுச் சேலையை இரவல் கேட்டது போல. நான் பழைய பருத்திச் சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு சின்னப்பொண்ணைத் துடைத்தேன். தினமும் புதுத் துண்டு எடுத்ததற்குக் காரணம் சேலை பெரியது, வேறொன்றுமில்லை.

சொசைட்டியில் எல்லோர் பாலும் ஒரே கேனில் விழும். கொழுப்பும், எஸ்.என்.எஃப் என்கிற மற்றச் சத்தும் பார்த்துச் சீட்டுக் கொடுப்பார்கள், அதோடு சரி. வில்லியனூர் போகும் வழியில் பிரிட்டோ என்ற பிள்ளை சீஸ் தயாரிக்கும் சின்னக் கூடம் ஒன்றைத் திறந்ததும் கதை மாறியது. நகரத்து ஓட்டல்களுக்கு அனுப்புகிறவன். யூஜினின் பாலை ருசி பார்த்த பிரிட்டோ, அவன் காலைப் பால் முழுவதையும் தனியாக ஒரு தொட்டியில் ஊற்றிச் சீஸ் செய்யத் தொடங்கினான். பார்க்க வருகிறவர்களிடம், "இது ஒதியம்பட்டு யூஜின் அண்ணன் பாலு" என்று காட்டுவான். என் தம்பியின் பெயர் அதற்குமுன் ஒட்டியிருந்தது ரேஷன் கார்டில்தான். பிரிட்டோ முதல்முறை அப்படிச் சொன்ன நாளில் யூஜின் இரவுச் சாப்பாட்டை மறந்துவிட்டு ராணிக்குக் கூடுதல் புண்ணாக்கு வைத்தான்.

ஒரு காலையில் பிரிட்டோவே பைக்கில் வந்து இறங்கினான். முகம் சரியில்லை.

"அண்ணே, கொஞ்ச நாளா பாலு சரியா உறையல. கத்தி போட்டா ஒடையாம கொழகொழன்னு வருது. தண்ணி கலங்கலா பிரியுது. சீஸும் கொறச்சலா தேறுது."

அதில் 'தண்ணி' என்பது மட்டும் என் தம்பியின் காதில் ஏறியது. "இன்னா சொன்ன? நான் தண்ணி ஊத்தறேனா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடி, சொசைட்டிச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினான். "பாரு! கொழுப்ப பாரு! எஸ்.என்.எஃப்ப பாரு!" அத்தோடு நிற்காமல், ஒரு செம்பு பாலை எடுத்து நட்டநடு வாசலில் நின்று மடமடவென்று குடித்தான்.

"அண்ணே, குடிக்கறதுக்கு ஒன்னும் ஆவல. யாரும் தண்ணின்னு சொல்லல. நான் பாலை லேபுக்கு அனுப்பனேன். ஒரு மில்லில எட்டு லட்சம் செல்லு இருக்குதாம். ரெண்டு லட்சத்துக்குள்ள இருக்கணும்."

யூஜின் செம்பைக் கீழே வைத்தான். "எட்டு லட்சமா? யாரு எண்ணனது?"

"மெஷின் எண்ணுதுண்ணே."

"தப்பா எண்ணியிருக்கும்."

பிரிட்டோ சிரிக்கவில்லை. அடுத்த சாம்பிளிலும் குறையவில்லை என்றால் பால் எடுக்க முடியாது என்றான். நல்ல பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். அவன் போன பிறகு யூஜின் அன்று முழுவதும் எந்த மாட்டையும் திட்டவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. கால்நடை மருத்துவர் அமுதத்தை நானே போனில் கூப்பிட்டேன்.

அமுதம் மறுநாள் காலைக் கறவைக்கு வந்துவிட்டார். கையில் நான்கு குழி உள்ள ஒரு தட்டும், ஊதா நிறத் திரவம் நிரம்பிய ஒரு பாட்டிலும். ராணியின் ஒவ்வொரு காம்பிலும் முதல் பாலை வெளியே பீச்சிவிட்டு, காம்புக்கு ஒரு குழி என்று கொஞ்சம் கறந்தார். தட்டைச் சாய்த்து எல்லாக் குழியிலும் ஒரே அளவு நிற்கும்படி செய்து, அதே அளவு திரவத்தை ஊற்றி மெல்லச் சுழற்றினார். மூன்று குழியில் பால் தண்ணீராகவே ஓடியது. இடது பின்காம்பின் குழியில் மட்டும் அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒன்றுதிரண்டு எழும்பியது.

"மடி வீங்கல, பாலு திரியல, மாடு நல்லாதான் திங்குது" என்றான் யூஜின்.

"அதான் வம்பே. இது மடிநோய்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாத ரகம். உள்ள கிருமி இருக்குது. அதோட சண்டை போட ரத்தத்துலேந்து வெள்ளணுக்கள் பால்ல எறங்குது. லேப்ல எண்ணன செல்லுல முக்கால்வாசி அதான்."

என் தம்பிக்கு உடனே உயிர் வந்தது. "அப்ப அதுங்க நல்லவங்கதானே மேடம்? போலீசு மாதிரி?"

"ஒரு தெருவுல போலீஸ் வண்டி வரிசையா நின்னா, அந்தத் தெரு அமைதியா இருக்குதுன்னு சொல்வீங்களா?"

யூஜின் யோசித்தான். எங்கள் தெருவில் ஒருமுறை நின்றிருக்கிறது.

"அந்தச் சண்டையில பால் சுரக்கிற எடமே கெடுது" என்று அமுதம் தொடர்ந்தார். "உறையறதுக்கு வேண்டிய புரதம் கொறையும். இருக்கறதையும் உடைக்கிற பொருளுங்க பால்ல கலந்துடும், கொழுப்பையும் சிதைக்கும். ரத்தத்துலேந்து உப்பும் வேற புரதமும் கசியறதால சொசைட்டி சீட்டுல பெருசா ஒன்னும் தெரியாது. பிரிட்டோ தொட்டியிலதான் தெரியும்."

"நல்லா கொதிக்க வச்சா?"

"கிருமி சாவும். ஒடைஞ்ச புரதம் திரும்ப ஒட்டாதுங்க."

அடுத்து செவலை. இரண்டு குழியில் லேசாகக் கெட்டிப்பட்டது. கருப்பிக்கு ஒன்றில். சின்னப்பொண்ணுக்கு நான்கு குழியும் தெளிவு. அமுதம் நிமிர்ந்து, "இவள யாரு கறக்கறது?" என்றார். நான்தான் என்றேன். எந்தத் துணியால் துடைக்கிறீர்கள் என்று கேட்டார். கூடையில் இருந்த சேலைத் துண்டுகளைக் காட்டினேன். அவர் பார்வை மெல்ல நகர்ந்து யூஜினின் தோளில் போய் நின்றது.

யூஜின் துண்டைக் கையால் மூடிக்கொண்டான். "இது தெனம் தொவைக்கிறது மேடம்."

"எல்லாத்தையும் கறந்து முடிச்சப்புறம்தான் தொவைக்கிறீங்க. காலையில ராணிகிட்ட ஆரம்பிச்சி, அவ மடியில இருக்கறத செவலைக்கும் கருப்பிக்கும் நீங்களே சுத்தமா தொடச்சி விடறீங்க. உங்க கையும்தான்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஊர்லயே மடிய தொடைக்கறவன் இவன் ஒர்த்தன்தான் மேடம்."

"நீ கம்முனு இரு அக்கா" என்றான்.

அமுதம் காம்பிலிருந்து சுத்தமான பாட்டில்களில் மாதிரி எடுத்து அனுப்பினார். எந்தக் கிருமி என்று தெரிந்துதான் மருந்து என்றார். அதற்குள் செய்ய வேண்டியவற்றைச் சொன்னார். மாட்டுக்கு ஒரு துணி. ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் கையைக் கழுவ வேண்டும். கறந்து முடித்ததும் காம்புகளை மருந்துக் கரைசலில் முக்க வேண்டும். உடனே தீவனம் வைத்து மாட்டைக் கொஞ்ச நேரம் நிற்கவைக்க வேண்டும், காம்பின் துவாரம் மூடும்வரை படுக்கக்கூடாது. ராணியின் அந்தக் காம்புப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிட வேண்டும், கன்றுக்கும் விடக்கூடாது. யூஜின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கம்பெனியில் ஆட்டிய அதே தலை.

"கடைசியா ஒன்னு. நல்லா இருக்கறத மொதல்ல கறங்க. ராணிய கடைசியா."

தலை நின்றுவிட்டது.

"அது மட்டும் ஆவாது மேடம்."

அமுதம் எவ்வளவோ சொன்னார். ராணி கோபித்துக்கொள்வாள், பாலை அடக்குவாள், முதலில் வந்தவள், அவளுக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். அமுதம் புறப்பட்டுப் போனார். யூஜின் வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். பிரிட்டோவின் தொட்டியா, ராணியின் மரியாதையா என்பது அவனுக்கு உண்மையிலேயே பெரிய கேள்வி. நான் அதைக் கிண்டல் செய்யவில்லை. செய்ய நினைத்தேன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டேன்.

சாயங்காலக் கறவை நேரத்தில் எழுந்து வந்தான். "அக்கா, நம்ம மாதா கோயில் தேர்ப்பவனியில ரெக்க வச்ச சம்மனசு தேர் மொதல்ல வருது. அப்புறம் செபஸ்தியார். மாதா தேரு எப்ப வரும்?"

"கடைசியில."

"யார்னா மாதாவ மட்டமா நெனைக்கறாங்களா?"

"இல்லியே."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சின்னப்பொண்ணின் செம்பை என் கையில் கொடுத்தான். முதலில் அவள். பிறகு கருப்பி, பிறகு செவலை. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு துணி, எல்லாம் என் பழைய சேலை. கடைசியில் ராணியிடம் போனான். அவள் காதோரம் குனிந்து என்னவோ நீளமாகச் சொன்னான். ராணி அசைபோட்டுக்கொண்டிருந்தாள். நல்ல காம்பில் மட்டும் கன்றை விட்டதும் எப்போதும் போலப் பாலை இறக்கினாள். கொஞ்சம்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. இதில் மனம் வருந்திப்போனவன் யூஜின்தான். "இன்னாடி, ஒனக்கு ரோசமே இல்லியா?" என்று கேட்டான்.

லேப் முடிவு வந்ததும் அமுதம் செவலைக்கும் கருப்பிக்கும் வேண்டிய மருந்தைக் கொடுத்தார். அவர் சொன்ன நாள்வரை அந்தப் பாலை எங்கும் அனுப்பவில்லை. ராணிக்கு அப்போது ஏழு மாதச் சினை. பாலை வற்றவிட்டு, எல்லாக் காம்பிலும் மருந்து ஏற்றினார். பால் கறக்கிற காலத்தைவிட வற்றின காலத்தில்தான் அந்தக் கிருமிக்கு மருந்து நன்றாகக் கேட்குமாம். அது தீருமா என்பது கன்று போட்ட பிறகுதான் தெரியும் என்றும் சொன்னார்.

மூன்று மாட்டுப் பாலோடு யூஜின் மறுபடி பிரிட்டோவின் கூடத்துக்குப் போனான். நானும் போனேன், அவன் மறுபடி பாலைக் குடிக்க ஆரம்பித்தால் தடுப்பதற்கு. முன்னதாக அனுப்பிய சாம்பிளின் லேப் சீட்டில் ஒன்றரை லட்சம் என்று இருந்தது. யூஜின் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டியின் ஓரமாகவே நின்றான். பால் உறைந்ததும் பிரிட்டோ நீளக் கத்தியை உள்ளே செருகி மெல்லத் தூக்கினான். உறைந்த கட்டி கூராக, நேர்க்கோடாகப் பிளந்தது. பிளவில் தெளிந்த பச்சைமஞ்சள் நீர் ஊறி நின்றது.

"அண்ணே, நாளைக்கும் கொண்டாந்துடுங்க" என்றான் பிரிட்டோ.

யூஜின் மேஸ்திரி முன்னால் நிற்கிற மாதிரியே தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் போன பிறகுதான் அவன் குரல் கேட்டது. "ஒயுங்கா நில்லுடி!" பால் வற்றிக் கிடந்த ராணியைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது அவனே ஊதாத் திரவமும் நான்குகுழித் தட்டும் வாங்கி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் மாடுகளைப் பார்த்துவிட்டு, கேட்காதவர்களின் கொட்டகைக்கும் போய்விடுகிறான். ராணி கன்று போட்டு, அவள் இடது பின்காம்புப் பால் தட்டில் தண்ணீராக ஓடிய அன்று, பால் சொட்டும் தட்டோடு தெருவைத் தாண்டி என் வீட்டுக்குள் ஓடிவந்தான். நான் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தேன்.

வெள்ளைத் துண்டு அவன் தோளில்தான் இருக்கிறது. அதை வைத்து இப்போது தன் முகத்தை மட்டும் துடைத்துக்கொள்கிறான்.