ஏலக்காயில் ஏறிய மெத்தை வாசம்

சீர்வரிசையில் வந்த சாமான்களில் எனக்குப் பெருமை அந்த மெத்தை ஒன்றில்தான் இருந்தது. தென்னை நாரில் ரப்பர் பால் ஊற்றி அழுத்திச் செய்த மெத்தை. பஞ்சு அடித்துக் கட்டித் தருகிறேன் என்று அம்மா சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஜீப்பின் மேல் கட்டி, கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது, டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் ஜீப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். புதுப்பெண்ணின் வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

என் கணவர் வீடு இரண்டு அறையும் பின்னால் இறக்கிக் கட்டிய அடுப்படியும்தான். சுற்றி ஏலத்தோட்டம். சுண்ணாம்பு அடித்தால் புதுப்பெண்ணின் சேலையில் ஒட்டும் என்று, அவர் ஆசையாக மார்பளவு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயிண்ட் அடித்திருந்தார். ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் அதே பச்சை. ஆவணி மழையில், கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அடித்தது. அடித்த கையோடு, மலையில் இறங்கும் பனிமூட்டமான மஞ்சு உள்ளே வந்துவிடும் என்று ஜன்னலை எல்லாம் இழுத்துச் சாத்தியும் விட்டார். கட்டிலுக்கு வார்னிஷும் புதுசு. நான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனதும் கண் எரிந்தது. புதுசு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் ஒரு திமிர். மெத்தையில் அழுக்குப் படக்கூடாது என்று அதன் பாலித்தீன் உறையைக்கூட நான் கழற்றவில்லை.

என் மாமியாருக்கு மூச்சிழுப்பு உண்டு. கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள், நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் அவர் ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைத்தார். பிறகு அடுப்படியில் பாயை விரித்தார். நான் உறையைக் கழற்றிய அன்று, உள்ளே அடைந்து கிடந்த ரப்பர் வீச்சமெல்லாம் மொத்தமாகக் கிளம்பி அடுப்படி வரை போனது. அதோடு அவர் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்.

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும், நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடுவேன். உறவு இல்லை, தோட்டத்துப் பழக்கம். எங்களைவிடக் கொஞ்சம் வசதி. சொந்தமாக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருந்தார்கள். எங்கள் காயும் அங்கேதான் காயும். மாமியாருக்கு அந்த அக்கா அடுப்போரமாக இடம் ஒதுக்கி, வெந்நீர் போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஓடையில் துணி துவைக்கப் போனால், உங்க அத்தை ஏன் அங்க படுக்குறாங்க என்று கேட்பார்கள். மருமகள் வந்தாள், மாமியார் வெளியே போனாள் என்று ஊர் பேசுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? என் மெத்தை நாறுகிறது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அத்தைக்கு அங்கதான் சூடா இருக்காம் என்று மழுப்பிவிட்டு, துணியைக் கல்லில் அடி அடியென்று அடிப்பேன்.

மாமியாரை வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்தாக வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. சாம்பிராணி போட்டேன். பெயிண்ட் வாசத்தோடு புகையும் சேர்ந்து, எட்டிப் பார்க்க வந்த மாமியார் வாசலிலேயே இருமித் திரும்பிப் போனார். வெங்காயத்தை வெட்டித் தண்ணீரில் போட்டு வைத்தேன். வெங்காய வாசம் கூடுதலாகச் சேர்ந்ததுதான் மிச்சம். அடுப்புக்கரியைக் கூடையில் கொட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்ததில் ஏதோ கொஞ்சம் மட்டுப்பட்டது, அவ்வளவுதான். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, முன் ஜன்னலையும் பின் கதவையும் ஒன்றாகத் திறந்துபோட்டார். மஞ்சு வரட்டும், வாசம் போகட்டும் என்றார். துணியெல்லாம் ஈரம் கோத்தது. ஆனாலும் பெயிண்ட் காய ஆரம்பித்ததும், சுவர் வீச்சம் நாளுக்கு நாள் குறைந்தது. கட்டிலை வெளியே இறவாரத்தில் போட்டு வைத்ததில் வார்னிஷும் அடங்கியது.

மெத்தை மட்டும் அடங்கவில்லை. அதை வெளியே போடவும் வழியில்லை. போட்டால் மழையில் ஊறி நாசமாகும். வெயில் என்ற ஒன்றை நாங்கள் கண்டே பல நாளாகியிருந்தது.

அப்போதுதான் என் கணவருக்கு அந்த யோசனை வந்தது. பக்கத்து வீட்டு அண்ணனும் அக்காவும் ஒரு சாவுக்காகப் போடிக்குப் போனார்கள். ஸ்டோரில் தீயைப் பார்த்துக்கொள்ளும்படி சாவியை இவரிடம் கொடுத்திருந்தார்கள். ஸ்டோர் என்பது இரண்டு அறை. உள்ளறையில் தட்டு தட்டாகப் பச்சைக்காயைப் பரப்பி, வெளியிலிருந்து விறகு எரித்து, குழாய் வழியாகச் சூடு ஏற்றுவார்கள். காய்ந்த காயை முன்னறையில் கொட்டி ஆறவிட்டு, பிறகு புடைத்து மூட்டை கட்டுவார்கள். அண்ணனின் காய் அன்று காய்ந்து முடிந்து, முன்னறையில் குவியலாக, சாக்கு போர்த்திக் கிடந்தது. உள்ளறை காலி. சூடு மட்டும் பாக்கி.

இவர் மெத்தையைச் சுமந்துகொண்டு போய் உள்ளறையில் நிறுத்தினார். ரப்பர் உருகிவிடக் கூடாது என்று தணலைக் குறைத்தார். காற்று ஓடினால்தான் வாசம் போகும் என்று நடுக்கதவைத் திறந்தும் வைத்தார். மெத்தைக்கு எது நல்லதோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தார். இத்தனைக்கும் ஏலக்காய்க்கு வாசம் ஏறிக்கொள்ளும் என்று, ஸ்டோர் வாசலில் பீடி பற்றவைத்தால்கூடச் சண்டைக்குப் போகிற மனுஷன். மண்ணெண்ணெய் விளக்கை அந்தப் பக்கமே கொண்டுபோக விடமாட்டார். ஆனால் அவர் கண்ணுக்கு மெத்தை ஒரு படுக்கை. மண்ணெண்ணெய் போல அதையும் தள்ளி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பின்னாலேயே தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்.

மெத்தை திரும்பி வந்தபோது முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தேன். வெயிலில் போட்ட கயிறு மாதிரி ஒரு மெல்லிய நார் வாசம், அவ்வளவுதான். நானே ஓடிப்போய் மாமியாரின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அவர் எங்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்து, இருமாமல் தூங்கினார். ஓடையில் யாரும் கேட்காமலே, எங்க அத்தை வீட்டுக்கு வந்துட்டாங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சந்தோஷம் காய் விற்கிற அடுத்த ஏல நாள் வரைதான். அண்ணன் கொண்டுபோன மூட்டைகள் அப்படியே திரும்பி வந்தன. சாம்பிள் தட்டு சுற்றி வந்தபோது, ஒரு வியாபாரி காயை உடைத்து மூக்கில் வைத்துவிட்டு, இதில் ரப்பர் வீசுகிறதே என்று தட்டைத் தள்ளிவிட்டாராம். அடுத்தவரும் மோந்து பார்த்து முகம் சுளித்தாராம். அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றாராம், நல்ல காய் என்று பேர் வாங்கிய மனிதர்.

இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தன் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். மூட்டைப் பக்கத்தில் எதைக் கொண்டுபோய் வைத்தாய், சைக்கிள் டியூப்பா, செருப்பா என்று. அந்த அக்கா திரும்பத் திரும்ப ஒன்றுமே வைக்கவில்லை என்றார். அவர் நம்பவில்லை. என் மாமியாருக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்த அக்காவின் குரல் அழுகையில் உடைந்ததை நான் கேட்டேன்.

மாமியார் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து மெத்தையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நமக்கு நாத்தம் போனா போதும்னு இருந்துட்டமேடா. அது எங்க போச்சுன்னு பாக்கலையே. எந்திரி, போவோம்" என்றார் மாமியார்.

மூன்று பேரும் போனோம். வேலி தாண்டுகிற தூரம்தான். எங்களைப் பார்த்ததும் அண்ணன் திட்டுவதை நிறுத்தினார். அவிழ்த்த மூட்டை திண்ணையில் எங்கள் முன்னால் இருந்தது. மாமியார்தான் மெத்தை விஷயத்தைச் சொன்னார். முடிக்கும் முன்பே அவருக்கு மூச்சு இரைத்தது. அக்கா உடனே முக்காலியை நகர்த்திப் போட்டு அவரை உட்காரவைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அவமானம் தாங்கவில்லை. அக்கா எங்கள் மேல் பாய்ந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு காயை எடுத்து உடைத்து, மறுபடியும் மோந்து பார்த்து, என் கணவரிடம் சொன்னார்:

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, காயை முதல்ல வீட்டுக்கு மாத்திட்டு மெத்தையை வச்சிருக்கலாமேப்பா. நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

பிறகு தன் மனைவி பக்கம் திரும்பினார். திட்டியதற்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அக்காவும் எதையும் எதிர்பார்க்காதவர் போல உள்ளே போய் எங்களுக்குப் பால் விடாத கட்டன் காப்பி போட்டார். அதில் ஏலக்காய் தட்டிப் போடவில்லை. எப்போதும் போடுகிறவர்.

அந்தக் காயை வெயில் கண்டபோதெல்லாம் பாயில் பரப்பி ஆற்றினோம். நானும் போய்த் துழாவினேன். ரப்பர் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. இவர் ஸ்டோர்த் தட்டுகளை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். புகைக்கண்களையெல்லாம் திறந்துவிட்டு, காலி அறையில் தீ போட்டுச் சூட்டோடு காற்றை ஓடவிட்டார்கள். கடைசியில் ஒரு கைப்பிடி காயை மட்டும் காயவைத்துப் பார்த்தார்கள். அந்தக் கைப்பிடியை ஏந்திக்கொண்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எம் மூக்குல அது இன்னும் நிக்குது, எனக்குத் தெரிய மாட்டேங்குது. நீ மோந்து சொல்லு தங்கச்சி" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை. உண்மையாகவே கேட்டார். மோந்தேன். நல்ல ஏலக்காய் வாசம்தான். தலையை ஆட்டினேன்.

அது அதோடு நிற்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க, அடுத்த பருவமும், ஒவ்வொரு முறை ஸ்டோர் திறக்கும்போதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா என்னைக் கூப்பிடுவார். என் மூக்கு சரியான மூக்கு என்று மற்றவர்களிடமும் சொல்லுவார். என் மாமியார் வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்திருப்பார். நான் போய், அக்கா நீட்டும் காயை உடைத்து மோந்து, நல்லா இருக்குக்கா என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் மூட்டையைத் தைப்பார்.