மேசைக்கு அடியில் போன ஒயர்

ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த திலகா, கோலா சிலாங்கூரை அடுத்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. பழ லோரி மேடையில் ஏறினால் எடையைப் பதிந்து சீட்டு கொடுப்பது அவள் வேலை. கணவன் சிவநேசனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, அழுதிருந்தாலும் பேசியிருக்கும்.

அன்று காலை எடை புரோகிராம் திறக்கவில்லை. கட்டைவிரல் அளவு யுஎஸ்பி சாவி ஒன்றைச் செருகினால்தான் அது திறக்கும். மாலையில் பிடுங்கிப் பூட்டி வைப்பது ஆலை விதி. டிவைஸ் மேனேஜரில் சாவியின் இடத்தில் மஞ்சள் முக்கோணம்: ‘டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்’. நீ யார் என்று கணினி கேட்கிறது, ஒழுங்கான பதில் வரவில்லை. குற்றம் யார் மேல் என்று மட்டும் அது சொல்லாது.

அந்தப் பதிவை அழித்து மறுபடி தேடவிட்டாள். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துப் போட்டாள். முக்கோணம் போகவில்லை. சாவியை மட்டும் ஆபீஸ் கணினியில் செருகினாள்; உடனே அடையாளம் கண்டது. ஆக, சாவி நல்லது. திரும்பி வந்து, சாவியை வழக்கமாகச் செருகும் நீட்டிப்பு ஒயரிலேயே போட்டு, அந்த ஒயரைக் கணினியின் முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றினாள். அதே முக்கோணம்.

அந்த ஒயர் சிவநேசன் போட்டது. அவன் அந்த ஆலையின் வயர்மேன். மகள் ரூபினி வயிற்றில் இருந்தபோது, கணினி மேசைக்கு அடியில் இருந்ததால் திலகா தினமும் குனிந்து சாவியைச் செருகத் திணறினாள். அதைப் பார்த்த அவன், “நீ குனியாத. நான் மேல கொண்டாந்து தரேன்” என்று, கிளிப் அடித்து மேசை விளிம்புவரை கொண்டுவந்து கொடுத்தான்.

ஒயர் இல்லாமல் நேராகச் செருகிப் பார்த்தாயா என்று ஆலை மேனேஜர் போனில் கேட்டார். பார்த்தேன் என்று கூசாமல் பொய் சொன்னாள். அப்படியானால் கணினிதான் போச்சு, லோரிகளை வேறு ஆலைக்கு அனுப்பிவிடு என்றார்.

வரிசையில் முதலில் நின்ற டிரைவர் உடையப்பன் சன்னல் பக்கம் வந்தார். “இன்னொரு மில்லுக்குப் போனா இன்னிக்கு இறக்க முடியாது லா, தங்கச்சி. பழம் வீணாப் போயிரும்.”

“இருங்கண்ணே,” என்றாள்.

மேசைக்கு அடியில் குனிந்து ஒயரை உருவிவிட்டு, அதே துளையில் சாவியை நேராகச் செருகினாள். விளக்கு எரிந்தது, புரோகிராம் திறந்தது. குற்றம் ஒயர் மேல்தான் என்பதற்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்துத் துளையில் ஒரு பெண்டிரைவ் போட்டாள், வேலை செய்தது. அதையே ஒயர் வழியாகப் போட்டாள்; மறுபடி மஞ்சள் முக்கோணம். இனி ஒயருக்குப் பரிந்து சொல்ல ஒன்றுமில்லை.

உடையப்பனுக்குச் சீட்டு கொடுத்தாள். கடைசி லோரியும் போனபின் கிளிப்புகளைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு சாவியைப் பிடுங்கக் குனிந்தாள். முட்டி வலித்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் அழுகை வரவில்லை. நாளைக் காலையும் குனியத்தான் வேண்டும்.