இரண்டு ஆம்பியரா, மூன்று ஆம்பியரா

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பதினொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். பள்ளியை இழுத்து மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். மாணவர்கள் புரியாத கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள், ஆறு நிமிடத்துக்குள் விடை போக வேண்டும். ஒரு நாளைக்குத் தொண்ணூறு கணக்கு. மாலைக்குள் கண் எரியும், கழுத்து கல்லாகிவிடும், வீட்டில் யாராவது மணி கேட்டால்கூட எரிந்து விழத் தோன்றும்.

தப்பான விடைக்கு ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று சேர்ந்தால் வேலை போச்சு. அவள் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தன.

அன்று மதியம் வந்த படம் ஆயிரம் முறை பார்த்த சங்கதி. 12 வோல்ட் பேட்டரி, தொடரில் ஒரு 4 ஓம், அதையடுத்து பக்க இணைப்பில் 6 ஓமும் 3 ஓமும். ஏற்கெனவே வந்த படம் என்றால், சேமித்து வைத்த பழைய விடையையும் இயந்திரமே பக்கத்தில் காட்டும். பக்க இணைப்பில் 6-உம் 3-உம் சேர்ந்தால் 2, அதோடு 4, மொத்தம் 6 ஓம். 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். ஒரு தட்டு தட்டினால் போய்விடும்.

தட்டியிருப்பாள். ஆனால் அந்த 4 மங்கலாக இருந்தது, 1 போலவும் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். 4-தான். கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. பக்க இணைப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்து, மயிரிழை போல ஒரு வெறும் கம்பிக் கோடு. சிறியதாகப் பார்த்தால் படத்தின் ஓரம் என்றே நினைக்கத் தோன்றும்.

கம்பிக்குத் தடை கிடையாது. தடையில்லாத வழி இருக்கும்போது மின்னோட்டம் எதற்கு 6-க்குள்ளும் 3-க்குள்ளும் போய் மல்லுக்கட்டும்? அவை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன. மொத்தத் தடை 4 ஓம், மின்னோட்டம் 3 ஆம்பியர். அப்படியே எழுதி அனுப்பினாள்.

ஐந்தே நிமிடத்தில் புகார் வந்துவிட்டது.

"போன வாரம் இதே படத்துக்கு 2 ஆம்பியர்னு சொன்னீங்க. நான் முதல்ல 3-னுதான் போட்டிருந்தேன். உங்க விடையப் பார்த்து அழிச்சிட்டு 2-னு எழுதி மனப்பாடம் பண்ணேன். இப்ப 3-ங்கிறீங்க. எதுதான் சரி?"

சூப்பர்வைசர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் பையனைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். நல்ல பிள்ளை. இயற்பியல்தான் சுத்த சூன்யம்.

"டீச்சர், பழைய விடையில 2-னு இருக்கே. நீங்க போட்டது தப்புன்னுல்ல ஆகுது?"

"பழசுதான் தப்பு தம்பி. இந்தக் கம்பியப் பாருங்க."

"யார் போட்ட விடை அது?"

அவள் திறந்து பார்த்தாள். விடைக்குக் கீழே ஊழியர் எண் 41. அவளுடைய எண். எண்களை மட்டும் பார்த்து, வேறொரு கணக்கின் விடையை எடுத்து ஒட்டியிருக்கிறாள். எந்த நாள், எந்த அலுப்பில் என்று நினைவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. 2-தான் சரி, மன்னிக்கணும்னு ரெண்டு வரி போடுங்க. பிள்ளையும் அடங்கிடும், புகாரை நான் மூடிடுவேன். பழசு தப்புன்னு எழுதினா அது உங்க பேர்லதான் ஏறும். மூணாவது, டீச்சர். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

இந்த வயதில் இனி எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? இரண்டு வரிதானே. யார் குடி முழுகப்போகிறது?

ஆனால் அந்தப் பிள்ளை சரியான விடையை அழித்திருக்கிறதே. இவளை நம்பி அழித்திருக்கிறது. அதுதான் உறுத்தியது.

"நீ முதல்ல போட்ட 3-தான் சரி" என்று எழுதினாள். "பக்க இணைப்போட ரெண்டு முனையையும் ஒரு கம்பி சேர்க்குது. அதனால 6, 3 ரெண்டுலயும் மின்னோட்டம் போகாது. மிச்சம் 4 ஓம் மட்டும்தான். போன வாரம் தப்பா சொன்னது நான்தான்."

"டீச்சர்..." என்றான் அவன். அவள் அனுப்பிவிட்டாள். புள்ளி இரண்டிலிருந்து மூன்றாக மாறியது. எந்தச் சத்தமும் வரவில்லை.

பதில் உடனே வந்தது.

"ரொம்ப நன்றி மேடம். பரீட்சை நேத்தே முடிஞ்சிருச்சு. இதே கணக்கு வந்துச்சு, 2-னு எழுதிட்டேன். பரவாயில்ல, இப்ப சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

அவள் இரண்டு தரம் படித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டான் சூப்பர்வைசர்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சாம்" என்றாள் டீச்சர்.