குறுக்கு விசாரணை: இல்லை

மணவாள நகரில் வேங்கடேசனை ‘ரூல்ஸ் வேங்கடேசன்’ என்றால்தான் தெரியும். முப்பத்து நான்கு வருட அரசு வேலையில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போடாதவர். கோப்பில் பக்க எண் விட்டுப்போனால் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு வரியில் கோட்டை விட்டார். அதுவும் அடுத்தவர் வாழ்க்கையில்.

ஏழு வருடங்களுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் பதிவறை எழுத்தராக இருந்த தானியேல் மீது, வேலையே போகக்கூடிய 17(பி) விதியின் கீழ் குற்றச்சாட்டு வந்தது. தொழிற்பேட்டையை ஒட்டிய நிலத்தின் மூலக் கோப்பு காணவில்லை. அவர்தான் வெளியே எடுத்துப் போனார் என்று புகார். பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஆள், அந்த அலுவலகக் கண்காணிப்பாளர் அரசப்பன். விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்டவர் நம் வேங்கடேசன்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆவணங்களின் நகல் கொடுத்தாயிற்று. விளக்கம் எழுத அவகாசமும் கொடுத்தாயிற்று. எல்லாம் கச்சிதம். ஆனால் அந்தக் காலத்தில் திருவள்ளூர் அலுவலகங்களில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. சாட்சி வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய வாக்குமூலத் தாளின் அடியில் ‘குறுக்கு விசாரணை: இல்லை’ என்று தட்டச்சு செய்து வைத்துவிடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. விதி விதி என்று உயிரை விடும் வேங்கடேசனுக்கு இது மட்டும் கண்ணில் படவேயில்லை. பழகிப்போன தப்பு அப்படித்தான்.

விசாரணை நாளன்று அரசப்பன் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். புகார் வந்தபோது அவர் எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, “இது உங்க கையெழுத்துதானே?” என்று வேங்கடேசன் கேட்டார். ஆமாம் என்றார் அவர். அப்போது தானியேல் எழுந்து நின்றார்.

“ஐயா, நான் அவரை ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னிக்கு ரிக்கார்டு ரூம் சாவி யாராண்ட இருந்துச்சுன்னு.”

அரசப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேங்கடேசன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். “அதெல்லாம் உங்க கடைசி விளக்கத்துல எழுதிக் கொடுங்க தானியேல். இப்ப இங்க கையெழுத்துப் போடுங்க.”

அதிகாரி சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். போட்டுவிட்டார்.

குற்றம் நிரூபணம் என்று அறிக்கை போனது. அதன் நகலைத் தானியேலுக்குக் கொடுத்து மேல் விளக்கமும் வாங்கினார்கள். சாவியைப் பற்றி அதில் மூன்று பக்கம் எழுதியிருந்தார். காகிதத்துக்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள்? பணிநீக்கம். மேல்முறையீடும் தள்ளுபடி. ஒரு இரும்பு ஆலையின் கேட்டில் செக்யூரிட்டி உடுப்போடு நின்றுகொண்டே உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்.

ஆறாம் வருடம் தீர்ப்பு வந்தது. ஒரே சாட்சியை மடக்கிக் கேட்க வாய்ப்புக் கொடுக்காமல் வேலையைப் பறித்தது செல்லாது, வேறொரு அலுவலரை வைத்து அந்தக் கட்டத்திலிருந்து மறுபடி விசாரியுங்கள் என்றது நீதிமன்றம். ஆனால் அரசப்பன் இறந்து அதற்குள் இரண்டு வருடம் ஆகியிருந்தது. குறுக்கு விசாரணைக்கு நிற்காத சாட்சியத்தைப் புதிய அலுவலர் ஒதுக்கி வைத்தார். வேறு ஆதாரம் கிடையாது. ‘குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதினார். தானியேல் பழைய நாற்காலிக்கே திரும்பினார்.

ஓய்வு பெற்றிருந்த வேங்கடேசனுக்கு இதையெல்லாம் பழைய சகா ஒருவர் போனில் சொன்னார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. வேலைதான் கிடைத்துவிட்டதே என்று மனைவி வைதேஹி சமாதானம் சொன்னாள். அதுவும் சரிதான் என்று பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தார்.

தானியேல் சர்ச்சுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கன்னியம்மாதான் இருந்தாள். யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறியது. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்மா. தப்பு என்னுது. இப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

“இன்னா சார் முடிஞ்சுது?” என்றாள் கன்னியம்மா. குரல் உயரவில்லை. “அந்த ஆளு உசுரோட இருக்கசொல்ல நாலு பேரு முன்னாடி வச்சு கேட்டிருந்தா, இவரு எடுக்கலன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப ஆபீஸ்ல இன்னா பேசிக்கினு இருக்காங்க தெரியுமா? சாட்சி செத்துட்டான், அதனால தானியேல் தப்பிச்சுக்கினான்னு. தெனமும் அதைக் காதுல வாங்கிக்கினுதான் வேலைக்குப் போறாரு.”

வேங்கடேசன் உட்காரவில்லை. இதற்கு எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தானியேல் வருகிற நேரம்தான், இருங்கள் என்று கன்னியம்மா சொன்னாள். இருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.