நேர்காணல் எண் 27

எங்கள் ஆய்வு நிறுவனத்தின் பதிப்புப் பிரிவில் ருக்குவுக்குப் பதினேழு வருட சர்வீஸ். எல்லோரும் அறிக்கையை முன்னாலிருந்து படிப்பார்கள். இவள் பின்னிணைப்பிலிருந்து ஆரம்பிப்பாள். அங்கே அட்டவணையில் இல்லாத எண் சுருக்கத்தில் இருந்துவிட்டால் எழுதியவர் பாடு திண்டாட்டம்தான். பக்கத்து மேசைக்காரனான நானும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

போன வருடம் ஞானசேகரன் சார் வாடகை வீடுகளில் தண்ணீர் பற்றி ஓர் அறிக்கை தந்தார். பிறர் திரட்டிய தரவுகளை யார், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று ஒன்றுவிடாமல் குறித்திருந்தார். சுருக்கம்தான் கதை மாதிரி ஆரம்பித்தது: ‘போர்வெல்லில் தண்ணீர் இருந்தும் ஓனர் திறந்துவிடுவதில்லை என்கிறார் இட்லி விற்கும் ஒரு விதவை.’ பின்னிணைப்பில் அதற்கு ஆதாரம்: ‘நேர்காணல், பெண், வயது 53, இட்லிக் கடை, ஈஜிபுரா, பெங்களூரு,’ கூடவே சந்தின் பெயர், தேதி.

ருக்கு குடியிருப்பது அதற்கு அடுத்த சந்தில். இது யாரென்று தெரிந்துவிடுமே என்று நேரே சாரிடம் போனாள்.

“பேரே போடலையேம்மா,” என்றார் சார்.

“பேரு எதுக்கு சார்? அந்தச் சந்துல இட்லி சுடறது ஒருத்தர்தான். எனக்கே தெரிஞ்சிடுச்சு, ஓனருக்குத் தெரியாதா? மறுநாளே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. சாரின் முகம் சிறுத்துப் போனது. ஆனாலும் அந்த வரிதான் அறிக்கைக்கே உயிர் என்றார்.

“உயிரு உள்ளே இருக்கட்டும் சார். சுருக்கத்தைத் தனியா வெப்சைட்ல போடறோம். முக்கால்வாசிப் பேர் படிக்கிறது அந்த இருநூறு வார்த்தைதான். அதுல ஒரு ஆளோட பேச்சு வேணாம். எத்தனை வீட்ல இப்படின்னு சொல்லுங்க, போதும்.”

மாலையில் அவரே திருத்திக் கொண்டுவந்தார். சுருக்கத்தில் ‘412 வீடுகளில் 163’ என்ற கணக்கு மட்டும். உள்ளே ‘ஒரு வாடகைதாரர்’ சொன்னதாக அந்த வரி. பின்னிணைப்பில் ‘நேர்காணல் எண் 27, பெண், 50–59 வயது, தென்கிழக்கு பெங்களூரு, மார்ச் 2024’. எந்த எண் யார் என்ற பட்டியல் அவருடைய பூட்டிய அலமாரிக்குப் போனது. (நானும் தொழிலையும் இடத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் ருக்கு என்னைச் சும்மா விடுவாளா?)

அறிக்கை வெளியாகி ஒரு மாதம் கழித்து அவளோடு அந்த இட்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் வீட்டு ஓனரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“உங்க ஆபீஸ் ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சும்மா. தண்ணியை வெச்சுக்கிட்டே விடாத ஓனருங்களாம். இப்படியுமா இருப்பாங்க? நம்ம ஏரியாவுல யாராச்சும் சொன்னாங்களா?”

அடுப்பருகே அந்த அம்மாவின் கரண்டி நின்றது.

“அதெல்லாம் வெறும் நம்பர்தான்ணா,” என்றாள் ருக்கு, சட்னியைத் தொட்டபடி. “யாரு என்னன்னு எங்களுக்கே தெரியாது.”

அந்த அம்மா ருக்குவின் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.